படத்துக்குள் இருக்கும் எழுத்தை மொழிபெயர்க்கும்போது அளவு, பணம், தேதி எல்லாவற்றையும் நம் ஊர் முறைக்கு மாற்றணுமா, அப்படியே விடலாமா?

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு "இதை ஏன் மாற்றினீர்கள்" என்று யாரோ உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அது நடந்தது.

இங்கிலாந்தில் தயாரான சர்க்கரை நோய்க் கையேடு ஒன்று, ஆறு படங்கள், தமிழ்நாட்டு வாசகர்களுக்காக வந்தது. அங்கே ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள், குளுக்கோமீட்டர் திரையிலும் mmol/L என்றுதான் வரும். நம் ஊர் மீட்டரில் mg/dL. அதை மாற்றாமல் விட்டால் கையேடே வீண், ஏனென்றால் "4க்குக் கீழே இறங்கக் கூடாது" என்று படிக்கிறவர் தன் மீட்டரில் ஒருநாளும் 4 என்ற எண்ணைப் பார்க்கப் போவதில்லை. அதனால் 18ஆல் பெருக்கினால் போதும் என்று எல்லா எண்ணையும் மாற்றினேன்.

ஒரு படத்தில் கையில் பிடித்த மீட்டர், திரையில் 5.6. கீழே இருந்த வரியில் நான் 101 என்று போட்டிருந்தேன். அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, தினமும் மீட்டர் பார்ப்பவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, மிஷின்ல அஞ்சரை காட்டுது, நீ நூத்தி ஒண்ணுன்னு எழுதியிருக்க, நான் எதப் பாக்கணும்?" என்றார். எழுத்தை மட்டும் மாற்றிப் படத்தை விட்டால் இதுதான் ஆகும். திரையில் எண்ணை மட்டும் அழித்து எழுதுவதும் போதாது, ஓரத்தில் சின்னதாக இருக்கும் mmol/L என்பதையும் மாற்ற வேண்டும். அது முடியாவிட்டால் வேறு புகைப்படம் கேளுங்கள்.

அடுத்தது இன்னும் பெரிய தவறு. சரிபார்த்த மருத்துவர் 101ஐ அடித்து 100 என்றும், 72ஐ அடித்து 70 என்றும் எழுதியிருந்தார். 5.6ஐ 18ஆல் பெருக்கினால் 100.8, நாலைப் பெருக்கினால் 72, என் கணக்கில் பிழை இல்லை என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இவை யாரோ ஒருவருக்கு எடுத்த ரீடிங் இல்லை, மருத்துவர்கள் வகுத்து வைத்த எல்லைகள். அந்தந்த அளவில் அந்தந்த எல்லை ஏற்கெனவே அச்சில் இருக்கிறது, மாற்றுகிறவர் அதைத் தேடி எடுக்க வேண்டும், கால்குலேட்டரில் புதிதாக உண்டாக்கக் கூடாது. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் பெருக்கலே உதவாது. அங்கே 48 என்று எழுதுவது இங்கே 6.5 சதவீதம்.

சில மாதம் கழித்து அதே கையேடு லண்டன் தமிழர்களுக்காக மறுபடி வந்தது. அப்போது ஒரு எண்ணையும் தொடவில்லை. மொழி தமிழ்தான், ஆனால் அவர்கள் கையில் இருப்பது அந்த ஊர் மீட்டர், போய்க் காட்டுவது அந்த ஊர் மருத்துவரிடம். வார்த்தையைத்தான் மாற்றினேன், இலங்கையிலிருந்து போனவர்கள் பலர் "சீனி வருத்தம்" என்றுதான் சொல்வார்கள். ஆக, மொழியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படிப்பவர் கையில் என்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள்.

பணம் வேறு மாதிரி. மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவின் படத்தில் பவுண்டில் விலை இருந்தது. அது அந்தக் கடையில் அந்த நாளில் இருந்த விலை. ரூபாயாக்கினால் இங்கே மருந்துக்கடையில் அந்த விலைக்குக் கேட்டு நிற்பார்கள், படமோ பல வருஷம் சுற்றும். அப்படியே விட்டேன். விலை அங்கே தேவையே இல்லை என்றால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தேதியில் பிரிட்டனும் நாமும் நாளைத்தான் முதலில் எழுதுகிறோம், அதனால் குறிப்பேட்டுப் படத்தில் இருந்த 05/06ஐ விட்டுவிட்டேன். அமெரிக்கப் படமாக இருந்தால் அது மே 6. அதை 06/05 என்று திருப்பிப் போட்டால், திருப்பியதா திருப்பாததா என்று படிப்பவருக்குத் தெரியாது, மாதத்தை எழுத்தில் போடுங்கள். டப்பாவில் அச்சான காலாவதித் தேதியின் புகைப்படம் என்றால் படத்தில் கை வைக்காமல் கீழே ஒரு வரி விளக்கம் போதும்.

"மொழிபெயர்ப்பாளர் எண்ணில் கை வைக்கவே கூடாது" என்று சிலர் சொல்வார்கள். ஒப்பந்தத்துக்கும் சட்ட ஆவணத்துக்கும் அது சரி, நான் மறுக்கவில்லை. மீட்டர் பார்த்து மாத்திரை போடுகிறவருக்கான படத்துக்கு அது பொருந்தாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அந்த ஆறு படங்களும் ஜேபிஜியாகத்தான் வந்தன, எழுத்து தனி அடுக்கில் இல்லை. மீட்டர் படத்தில் மொத்தம் ஒன்பது வார்த்தை, கூலி ஒன்பது வார்த்தைக்குத்தான். அந்த எல்லைகளைத் தேடிச் சரிபார்க்க எனக்கு அரை நாள் ஆனது, அதற்கு ஒரு பைசா கிடையாது. இப்போதெல்லாம் படத்தில் எண் இருந்தால் மணிக்கணக்கில் கூலி கேட்கிறேன், இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் அதன் பிறகு கூப்பிடவில்லை.