ஒரு நிமிடக் கணக்கும் ஐந்து நிமிட அட்டவணையும்

"திருமங்கலத்தில் நடந்த முகாமில் விரலில் கிளிப் மாட்டி, ஒரே நிமிடத்தில் இதயத்துடிப்பு மாறுபாடு பார்த்தார்கள். SDNN 24, நரம்பு தளர்ந்துவிட்டது, ஆறு மாத மருந்து வாங்குங்கள் என்கிறார்கள். வீட்டில் மார்புப் பட்டையுடன் ஐந்து நிமிடம் பார்த்தால் 41. எதை நம்புவது?" – 52 வயது வாசகர்

அந்த 24ஐ நம்பிப் பணம் கட்டாதீர்கள். இரண்டு எண்களுமே சரியாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டதுதான் தவறு.

SDNN என்பது பதிவு முழுவதிலும் துடிப்பு இடைவெளிகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சொல்வது. மூச்சோடு வரும் ஏற்ற இறக்கம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை வந்துவிடும். மெதுவான அலைகள் சில, ஒருமுறை வந்து போகவே அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஒரு நிமிடப் பதிவில் அவை முழுதாக விழுவதில்லை. அதனால் SDNN பெரும்பாலும் குறைவாகவே வரும். ஐரோப்பிய, வட அமெரிக்க இதய வல்லுநர்கள் 1996இலேயே குறுகிய பதிவுக்கு ஐந்து நிமிடம் என்று வரையறுத்துவிட்டார்கள். முகாம்காரர்கள் ஒரு நிமிட எண்ணை ஐந்து நிமிட அட்டவணையில் வைத்துக் காட்டுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நல்ல உடம்புக்காரருக்கும் 'குறைவு' என்றுதான் வரும். வியாபாரம் அங்கேதான் இருக்கிறது. சற்று மெதுவான அலைகளுக்கும் மூச்சோடு வரும் அலைகளுக்கும் உள்ள விகிதத்தை LF/HF என்று வண்ண வட்டம் போட்டுத் தந்திருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். அதற்கு ஒரு நிமிடம் போதாது.

RMSSD அடுத்தடுத்த துடிப்புகளின் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிட அளவுக்கு நெருங்கி வரும்.

ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. நடுவயதில் பலருக்கு எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். நிமிடத்துக்கு 60 துடிப்பு, RMSSD 25 என்று வைத்துக்கொள்வோம். 1000 மில்லி விநாடி இடைவெளி ஒருமுறை 600 ஆகி, அடுத்தது 1400 ஆகிறது. அந்த ஒரே துடிப்பால் ஒரு நிமிடப் பதிவில் RMSSD சுமார் 130க்கு ஏறிவிடும். ஐந்து நிமிடப் பதிவில் சுமார் 62. இரண்டுமே பொய்தான், ஒரு நிமிடத்தில் பொய் இரு மடங்குக்கு மேல். எண் திடீரென்று எகிறினால் மகிழாதீர்கள். இடைவெளி வரைபடத்தில் ஒற்றை முள் தெரிகிறதா என்று பாருங்கள். முள் அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

எத்தனை நிமிடப் பதிவு, இப்படி முந்திய துடிப்புகள் எத்தனை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன என்ற இரண்டு வரிகளை அறிக்கையில் அச்சிட வைக்க இங்கே ஆளில்லை. கேட்டால், 'மெஷின் அப்படித்தான் சார் காட்டும்' என்கிறார்கள். எத்தனை காலம்தான் இதைச் சகிப்பது?

காலையில் எழுந்து, காபிக்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, அதே நாற்காலியில் அதே பட்டையோடு ஐந்து நிமிடம் பதியுங்கள். உங்கள் 41ஐ இனி வரும் உங்கள் எண்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.