ஒரு வருஷம் இழுக்கிற மெஷின் என்கொயரியை ஃபாலோ பண்றது எப்படி?

"சிஎன்சி மெஷினுக்கு கொட்டேஷன் கொடுத்துட்டேன், வாங்க ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் தொல்லை பண்ணாம எப்படி டச்ல இருக்கிறது?"

மாசாமாசம் போன் போட்டு "என்ன சார் ஆச்சு"னு கேக்காதீங்க, அதுக்கு அவர்கிட்ட பதில் இருக்காது. முதல்ல அவங்க கம்பெனிக்குள்ள ஆர்டர் எப்படி நகரும்னு கேளுங்க: பட்ஜெட் ப்ரொபோசல் எந்த மாசம் போகும், யார் கையெழுத்து போடணும், டெக்னிக்கலா யார் பாப்பாங்க. அந்த தேதிகளை வச்சுத்தான் உங்க காலண்டர்.

உதாரணமா ப்ரொபோசல் அக்டோபர்ல போகுதுன்னா, ஆகஸ்ட்லயே அவங்க பார்ட் ட்ராயிங் ஒண்ணு வாங்கி ட்ரையல் கட் எடுத்து சைக்கிள் டைம் கொடுங்க. இப்போ ஒரு பீஸுக்கு 9 நிமிஷம், புது மெஷின்ல 6 நிமிஷம்னா மணிக்கு 6, 7 பீஸ் வர்ற இடத்துல 10 வரும், இதை அவர் அப்படியே ப்ரொபோசல்ல வச்சு ஃபைனான்ஸ்கிட்ட பேசலாம், ஏன்னா உள்ள வாதாடப் போறது அவர்தான், நீங்க இல்ல. செப்டம்பர்ல ஃபவுண்டேஷன், பவர், ஏர் லைன் விவரம் அனுப்புங்க, இந்த செலவை பட்ஜெட்ல விட்டுட்டா பின்னாடி அதுவே அப்ரூவலை நிறுத்திடும். அப்ரூவல் டைம்ல கொட்டேஷன் வேலிடிட்டி முடிஞ்சிருக்கான்னு பாத்து புதுசா கொடுங்க.

ஒரே ஆளை மட்டும் நம்பாதீங்க, அவர் வேற வேலைக்குப் போயிட்டா எல்லாம் போச்சு. மெயின்டனன்ஸ் ஆளையும் பழகி வைங்க.

ட்ராயிங் கேட்டும் வரல, தேதியும் சொல்லலன்னா அங்க இன்னும் ப்ராஜெக்டே இல்ல, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேசினா போதும்.