பணம் இருந்தும் கார்டு டிக்ளைன்

"கணக்கில் 9,000 இருக்கு, 7,500க்கு டிக்ளைன் ஆகுது. ஸ்டேட்மென்ட்லயும் காரணம் இல்ல."

ஸ்டேட்மென்ட்ல முடிஞ்ச பரிவர்த்தனைதான் ஏறும், மறுக்கப்பட்டது வராதுங்க. ஆப்பில் மொத்த இருப்பையும் பயன்படுத்தக்கூடிய இருப்பையும் ஒப்பிட்டுப் பாருங்க. எனக்கும் இப்படி ஆச்சு: அறை புக் செஞ்ச ஹோட்டல் 2,000ஐ ஹோல்டில் வெச்சிருந்தாங்க. பணம் கழியல, ஆனா 9,000ல செலவழிக்க முடிஞ்சது 7,000 தான். அந்த ஹோல்டு ஆப்பில் 'நிலுவை'ன்னு நின்னுச்சு. ஹோட்டல் விடுவிக்கணும், இல்ல காலாவதியாகணும். சில நாள் பிடிக்கும், எரிச்சலாத்தான் இருக்கும்.

ரெண்டு இருப்பும் ஒண்ணா இருந்தா, கார்டு செட்டிங்ஸ்ல ஆன்லைன் பயன்பாடு ஆன்ல இருக்கா, தினசரி வரம்பு 7,500க்குக் கீழே இருக்கான்னு பாருங்க. மறுப்புச் செய்தியில் 51ன்னு குறியீடு வந்தா பணம் போதல. 05ன்னா காரணம் சொல்லாம வங்கியே மறுத்திருக்கு. தேதி, நேரம், தொகை சொல்லி வங்கிகிட்டதான் கேக்கணும்.