விடுதிக் குளியலறைகளுக்கு எந்த அளவு பைப் போடுவது?

கேள்வி: உப்புவெளியில் மாணவர் விடுதி கட்டுகிறோம். மேல்மாடியில் 10 ஷவர், மொட்டைமாடியில் டாங்கி. 32 மி.மீ. பைப் தாராளம் என்கிறார் பிளம்பர். உண்மையா?

வீடு என்றால் அவர் சொல்வது சரி. விடுதிக்குப் போதாது.

10 ஷவரும் ஒரே நேரத்தில் ஓடுவது அரிது. எத்தனை சேர்ந்து ஓடும் என்பதை நிகழ்தகவால் கணிக்கலாம். வீட்டில் ஒரு ஷவர் குறிப்பிட்ட கணத்தில் திறந்திருக்கும் வாய்ப்பை 0.1 என்று வைத்துக்கொண்டால், ஈருறுப்புப் பரவல்படி 4 ஷவருக்கான தண்ணீர் கொடுத்தாலே 99 சதவீத நேரம் சமாளிக்கலாம். விடுதியில் காலை வகுப்புக்கு முன் வரிசை நிற்கும். ஒருவர் உள்ளே 15 நிமிடம் இருந்து, அதில் 6 நிமிடம் தண்ணீர் ஓடினால் வாய்ப்பு 0.4 ஆகிவிடுகிறது. இப்போது அதே 99 சதவீதத்துக்கு 8 ஷவர் கணக்கு வேண்டும். பக்கத்தில் ஏதாவது விடுதி இருந்தால் ஒரு காலையில் கடிகாரத்தோடு போய் இந்த 6, 15 இரண்டையும் அளந்து பாருங்கள். மற்ற எல்லாம் அதைப் பிடித்துத்தான் வருகின்றன.

ஒரு ஷவருக்கு வினாடிக்கு 0.15 லீட்டர் என்றால் 8க்கு 1.2 லீட்டர். 32 பைப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. அதில் தண்ணீர் வினாடிக்கு 1.95 மீட்டர் வேகத்தில் ஓடும். கட்டடத்துக்குள் 2 மீட்டரைத் தாண்டக்கூடாது என்று பலர் வைத்திருக்கும் வரம்புக்குள் இது மயிரிழையில் நிற்கிறது. உங்கள் பிளம்பரும் ஒருவேளை இதைத்தான் பார்த்திருப்பார்.

ஆனால் உங்களிடம் பம்ப் அழுத்தம் இல்லை, டாங்கியின் உயரம் மட்டும்தான். டாங்கி நீர்மட்டம் ஷவர் தலைக்கு மேலே 3 மீட்டர் என்று வைப்போம். வளைவுகளையும் சேர்த்து 20 மீட்டர் பைப்பில் அந்த வேகத்தில் உராய்வுக்கே ஏறத்தாழ 2.8 மீட்டர் போய்விடும். ஷவருக்கு மிஞ்சுவது ஒரு சாண் அழுத்தம், சொட்டத்தான் செய்யும். 40 பைப் (உள்ளே ஏறத்தாழ 36 மி.மீ.) போட்டால் வேகம் 1.2க்குக் கீழே இறங்கும், இழப்பு 0.8 மீட்டர்தான். அதனால் டாங்கியில் இருந்து இறங்கும் பைப்பில் வேகத்தை நான் வினாடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டவிடுவதில்லை.

சரி, முழு நீளத்துக்கும் 40 வேண்டுமா? வேண்டாம். கடைசி 5 ஷவரில் 4 சேர்ந்து ஓடும் என்று எடுத்தால் 99 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும், அங்கே 32 போதும். கழிவறைத் தொட்டிகளுக்குத் தனிக் குழாய் இறக்குங்கள். இல்லாவிட்டால் மேலே உள்ள கணக்கில் அவையும் சேரும்.

சுவரைப் பூசுவதற்கு முன் 8 ஷவரைத் திறந்துவிட்டு, தொலைவில் உள்ளதன் கீழ் 10 லீட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடம் சொச்சத்தில் நிரம்ப வேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ பைப் ஒடுங்கியிருக்கிறது, அல்லது பாதி திறக்கும் வால்வு போட்டிருக்கிறார்கள்.