கவிழ்வது அரசா, ஆட்சிமுறையா?

அன்புள்ள ஐயா,

அதிபர் முறையையும் நாடாளுமன்ற முறையையும் ஒப்பிட்டு இளங்கலை வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அதிபர் முறையில் நிலைத்தன்மை அதிகம், நாடாளுமன்ற முறையில் பொறுப்புடைமை அதிகம் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் அதிபர் ஆட்சி இருந்த எத்தனையோ நாடுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கிறதே?

ச.

அன்புள்ள ச.,

ஐந்தாண்டுக்கு ஒரே அரசு நீடிப்பதையும் நிலைத்தன்மை என்கிறோம், அரசுகள் மாறினாலும் ஜனநாயகம் உடையாமல் இருப்பதையும் நிலைத்தன்மை என்கிறோம். கட்டுரையில் இவ்விரண்டையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

சிலியைப் பாருங்கள். 1970இல் சால்வடோர் அயெந்தே 37 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளோடு முதலிடம் பெற்று, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் ஒப்புதலோடு ஆறாண்டுக்கு அதிபரானார். காங்கிரஸில் பெரும்பான்மை எதிர்க்கட்சிகளிடம் இருந்தது. அதிபரை நீக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1973 மார்ச் தேர்தலில் எதிர்க்கட்சிகள் பெரும்பான்மை பெற்றன, ஆனால் அந்த அளவை எட்டவில்லை. ஆகஸ்டில் கீழவை 81க்கு 47 என்று அரசைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதனால் அரசு விலக வேண்டியதில்லை. அதிபரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர், காங்கிரஸும் மக்கள் தேர்ந்தெடுத்தது. விட்டுக்கொடுக்க இருவருக்கும் கட்டாயமில்லை. அடுத்த அதிபர் தேர்தலுக்கு இன்னும் மூன்றாண்டு. செப்டம்பர் 11 அன்று ராணுவம் புகுந்தது.

பிரிட்டனில் பிரதமர் ஜேம்ஸ் கலஹானுக்கும் பெரும்பான்மை இல்லை. 1979 மார்ச் 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311க்கு 310 என ஒரே வாக்கில் தோற்றார். மே 3 அன்று தேர்தல், மறுநாள் புதிய பிரதமர். அரசு விழுந்தது, ஆட்சிமுறைக்குக் கீறல்கூட விழவில்லை.

அதிபர் முறையில் இப்படி முட்டுக்கட்டை விழுந்தால் ஆட்சிமுறையே உடையக்கூடும் என்ற இந்த வாதத்தை 1990இல் வலுவாக வைத்தவர் அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ராணுவ ஆட்சியிலிருந்து மீண்ட நாடுகளே பெரும்பாலும் அதிபர் முறையைத் தேர்ந்தெடுத்தன, அவை உடைந்ததற்கு அந்தப் பழைய ராணுவமே காரணம் என்று பிற்பாடு இன்னோர் அரசியல் அறிஞர் ஜோசே அன்டோனியோ செய்பூப் மறுத்தார். சிலிக்கு அந்த மறுப்பு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே பல பத்தாண்டுகள் தேர்தல் ஆட்சிதான் நடந்துகொண்டிருந்தது. பனிப்போர்க் காலத்து அமெரிக்கத் தலையீட்டையும் சேர்த்துத்தான் அந்த வீழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பொறுப்புடைமை. யாருக்குப் பொறுப்பு என்று கேளுங்கள். கலஹான் 1976இல் பிரதமரானது பொதுத்தேர்தலால் அல்ல, கட்சி எம்.பி.க்களின் வாக்கால். அவரைக் கேள்வி கேட்கவும் இறக்கவும் நாடாளுமன்றத்தால் முடிந்தது. அவரை ஏற்றியதில் வாக்காளருக்கு நேரடிப் பங்கில்லை. அதிபர் முறையில் பெரும்பாலும் வாக்காளர் நேராகவே தேர்ந்தெடுக்கிறார். ஆனால் 2013 அக்டோபரில் செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் 16 நாள் முடங்கியபோது, அதிபரும் கீழவையும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். இரு தரப்பிலும் யாருக்கும் உடனே பதவி போகவில்லை. செலவு மசோதாவில் தோற்கும் பிரிட்டிஷ் அரசு பதவியில் நீடிப்பது கடினம்.