செட்டில்மெண்ட் நோட்டீஸ் வந்திருக்கிறதா? சும்மா இருப்பதும் ஒரு முடிவுதான்

கேள்வி: நியூஜெர்சியில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் டேட்டா கசிந்த வழக்கில் செட்டில்மெண்ட் ஆகிவிட்டதாக 14 பக்க நோட்டீஸ் வந்திருக்கிறது. என் சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் கசிந்திருக்கிறதாம். பணம் எதுவும் போகவில்லை. கிரெடிட்டை முடக்குவதற்கு ஏழெட்டு மணி நேரம் அலைந்ததுதான் மிச்சம். செட்டில்மெண்டிலிருந்து விலகி ஆப்ட் அவுட் செய்தால் தனியாகப் பெரிய தொகை வாங்கித் தருகிறேன், 30 சதவீதம் கொடுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நிலையில் கிளெய்ம் போடுவதுதான் சரி.

நோட்டீஸின் முதல் ஒன்றிரண்டு பக்கங்களில் ஒரு கட்டம் இருக்கும். கிளெய்ம் போடலாம், விலகலாம், ஆட்சேபிக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். பலர் கோட்டை விடுவது கடைசி வழியில்தான். தபாலை மேஜையில் போட்டுவிட்டால் எதிலும் மாட்டவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்த மாதிரி செட்டில்மெண்டில் பேசாமல் இருந்தால் பணமும் வராது, அந்தக் கசிவுக்காக இனி வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். 14 பக்கத்தில் வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே இதுதான். அதைக் கொட்டை எழுத்தில் முதல் வரியாகப் போடாமல் கட்டத்தின் அடியில் வைக்கிறார்கள். இருபது வருடமாக இந்த நோட்டீஸ்களைப் படிக்கிறேன், இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது.

தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கிரெடிட் அறிக்கை நிறுவனத்தில் நடந்த கசிவில் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. 2019 செட்டில்மெண்டில் கிரெடிட் கண்காணிப்புச் சேவைக்குப் பதிலாக 125 டாலர் ரொக்கம் கேட்கலாம் என்றார்கள். ஆனால் அதற்கென்று ஒதுக்கியது 3.1 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு 125 என்றால் 2,48,000 பேருக்குத்தான் காணும். கேட்டவர்கள் அதைவிட மிக அதிகம், அதனால் கைக்கு வந்தது சொற்பம். நீதிபதி 2020 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தும், அப்பீல்கள் முடிந்து பணம் வர 2022 டிசம்பர் ஆனது. ஆகவே உங்கள் நோட்டீஸில் “அதிகபட்சம்” என்று வரும் எண்ணை விட்டுவிட்டு, அந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். செலவழித்த நேரத்துக்கும் பணம் உண்டா என்று பாருங்கள். ஈக்விஃபாக்ஸில் மணிக்கு 25 டாலர் என்று இருந்தது, அதற்கும் உச்சவரம்பு உண்டு. உங்கள் ஏழெட்டு மணி நேரத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

இவ்வளவு சொற்பம் என்றால் விலகிவிடலாமே என்று தோன்றும். விலகினால் செலவு உங்களுடையது. நிஜமான பாதிப்பு இல்லாதவர் பெடரல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எண் கசிந்தது என்பதை மட்டும் வைத்துத் தனியாக வழக்கை நிறுத்துவது கடினம்.

விலகுவது பொருத்தமாக இருப்பது வேறு ஒருவருக்கு. கசிந்த எண்ணை வைத்து அவர் பெயரில் யாரோ 18,000 டாலர் கடன் வாங்கிவிட்டார்கள், போலீஸ் புகாரும் வங்கிக் கடிதமும் கையில் இருக்கின்றன, செட்டில்மெண்டில் ஒருவருக்கு உச்சவரம்பு 5,000 டாலர்தான் என்று வைத்துக்கொள்வோம். அவர் யோசிக்கலாம். ஆனால் முதலில் வக்கீலைப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் விலகல் கடிதம். காரணம், வழக்குப் போடுவதற்கான காலக்கெடு. பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் சேர்த்துப் போடும் கிளாஸ் ஆக்‌ஷன் நடக்கும்வரை உறுப்பினர்களின் கெடு நின்றிருக்கும் என்பது 1974 முதல் பெடரல் விதி. விலகியதும் கடிகாரம் மறுபடி ஓடும். கெடு இரண்டு வருடம், கசிந்து 22 மாதம் கழித்துத்தான் கிளாஸ் வழக்கே தொடங்கியது என்றால், விலகியவர் கையில் இருப்பது இரண்டே மாதம். மாநிலச் சட்டப்படியான கோரிக்கைகளில் சில இடங்களில் அந்தக் கடிகாரம் நின்றே இருக்காது. விலகிவிட்டு நிதானமாக வக்கீல் தேடிய ஒருவர் கெடு முடிந்தபின் என்னிடம் வந்தார். செட்டில்மெண்டும் இல்லை, வழக்கும் இல்லை. அவருக்காக நான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

அந்த 30 சதவீதக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வக்கீலா என்று பெயரை வாங்கி நியூஜெர்சி நீதிமன்றத்தின் வக்கீல் பட்டியலில் தேடுங்கள். விலகல் கடிதங்களை மொத்தமாக ஒரே கட்டாக அனுப்புகிறேன் என்றால் உடனே மறுத்துவிடுங்கள். பல செட்டில்மெண்டுகளில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பாத விலகல் செல்லாது. கணவன் மனைவி இருவருக்கும் நோட்டீஸ் வந்திருந்தால் இரண்டு கடிதம்தான். நோட்டீஸில் உள்ள வழக்கு எண்ணைக் கொண்டு அது நிஜ வழக்குதானா என்று நீதிமன்ற அலுவலகத்தில் சரிபாருங்கள். கிளெய்ம் போட யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. கட்டணமோ வங்கி பாஸ்வேர்டோ கேட்கும் தளம் போலி.

படிவத்தைக் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, திரையில் வரும் உறுதி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பணம் வருவதற்கு முன்பு வீடு மாறினால் புது முகவரியை நோட்டீஸில் உள்ள நிர்வாகிக்குத் தெரிவியுங்கள். பணம் அனுப்பப்படும்போது பழைய முகவரியில் செக் திரும்பிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.