‘லேபிள் பிழை’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: நாங்கள் சத்துமாவு தயாரித்து விற்கிறோம். ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்பதுதான் எங்கள் விளம்பர வாசகம். பாதாம் விலை ஏறியதால் மார்ச்சில் ஒரு பேட்ச்சில் (1,200 பாக்கெட்) பாதாமைக் குறைத்து வேர்க்கடலை சேர்த்தோம். லேபிளை மாற்றவில்லை. அதைச் சாப்பிட்ட ஒரு குழந்தையை ஒவ்வாமையால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், இப்போது நலம். தாய் போட்ட வீடியோ பரவிவிட்டது. ‘லேபிள் அச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு பதிவு தயார் செய்திருக்கிறோம். போடலாமா? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: போட வேண்டாம். அந்த வரி உண்மையில்லை. அச்சகத்தில் எந்தப் பிழையும் நடக்கவில்லை. பொருளை மாற்றியது நீங்கள், சொல்லாமல் விட்டதும் நீங்கள். உங்கள் வாசகமே ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்பதால், வாடிக்கையாளர் கோபப்படுவது வேர்க்கடலைக்காக மட்டும் அல்ல, மறைத்ததற்காகவும்தான். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் மன்னிப்பு இரண்டாவது மறைப்பாகிவிடும். நாளை உங்கள் அரவைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவர் உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. கிடங்கில் இருக்கும் பாக்கெட்டுகளை இன்றே தனியாக எடுத்துப் பூட்டுங்கள். விநியோகஸ்தர் வாரியாக, எந்தக் கடைக்கு எத்தனை போனது என்று பில் புத்தகத்திலிருந்து பட்டியல் எடுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பொருளைத் திரும்பப் பெறுவதற்கென்றே 2017இல் வந்த விதிமுறைகள் இருக்கின்றன. அவர் சொல்லும் நடைமுறையைப் பின்பற்றுங்கள். லேபிளில் தனியே அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் வேர்க்கடலையும் ஒன்று என்று 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எனவே இதைச் சின்ன விஷயம் என்று நீங்களே முடிவு செய்துவிடக் கூடாது.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது அரவை இயந்திரம். வேர்க்கடலை அரைத்த அதே இயந்திரத்தில் அடுத்து அரைத்த மாவிலும் அதன் துகள் கலந்திருக்கலாம். வறுத்து அரைத்தாலும் ஒவ்வாமை தரும் புரதம் போகாது; கடுமையான ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய அளவே போதும். இயந்திரத்தை முழுவதும் கழற்றிக் கழுவிய தேதி எது என்று பாருங்கள். அந்தத் தேதி வரை அதில் அரைத்த எல்லா பேட்ச்சும் திரும்பி வர வேண்டும். ‘மார்ச் பேட்ச் மட்டும்தான்’ என்று அறிவித்த பிறகு ஏப்ரல் பாக்கெட்டால் இன்னொரு குழந்தை பாதிக்கப்பட்டால், இரண்டாவது மன்னிப்புக்கு எந்த மதிப்பும் இருக்காது.

பதிவு வெளியாகும் முன் அந்தத் தாயிடம் உரிமையாளரே தொலைபேசியில் பேசுங்கள். குழந்தையின் நலனைக் கேளுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், மருத்துவச் செலவை ஏற்பதாகச் சொல்லுங்கள். வீடியோவை எடுக்கச் சொல்லாதீர்கள். செலவுக்கு ஈடாக அப்படி ஒரு நிபந்தனை வைத்தால், அது மன்னிப்பாக இல்லாமல் பேரமாகிவிடும். அதுவும் வெளியே வரும்.

இனி பதிவு. கீழே இருப்பதை உங்கள் விவரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எங்கள் சத்துமாவின் (பேட்ச் எண் …) பாக்கெட்டைச் சாப்பிட வேண்டாம். சாப்பிட்ட பின் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மார்ச் மாதம் பாதாம் விலை ஏறியபோது பாதாமைக் குறைத்து வேர்க்கடலை சேர்த்தோம். அதை லேபிளில் சொல்லவில்லை. ‘மறைக்க ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே இதை உங்களிடம் மறைத்தோம். இதனால் ஒரு குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. அந்தக் குடும்பத்திடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். பாக்கெட்டைத் திறந்திருந்தாலும், பில் இல்லாவிட்டாலும், வாங்கிய கடையிலேயே முழுப் பணமும் கிடைக்கும். எத்தனை பாக்கெட் திரும்பி வந்தன என்பதை 7ஆம் நாளும் 30ஆம் நாளும் இங்கேயே வெளியிடுவோம்.” கீழே உரிமையாளர் பெயரும், எடுக்க ஆள் உள்ள ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

எச்சரிக்கையை முதலில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் இன்னும் பாக்கெட் வைத்திருக்கும் ஒருவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டாலும் அவர் குழந்தை தப்பிக்க வேண்டும். அடுத்து, ‘பாதாம் விலை ஏறியபோது’ என்ற சொற்களை வெட்டிவிடச் சொல்லி உங்களுக்கு ஆலோசனை வரும். வெட்டாதீர்கள். காரணம் பணம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், மற்றவர்கள் அதைவிட மோசமான காரணத்தைச் சொல்வார்கள். வழக்கறிஞரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது ‘எந்த வரி உண்மைக்கு மீறியது’ என்பதைத்தான். குழந்தையின் உடல்நிலை பற்றி மருத்துவர் சொல்ல வேண்டியதை நீங்கள் ஊகித்து எழுதக் கூடாது என்று அவர் சொன்னால் அது சரியே.

‘யார் மனதாவது புண்பட்டிருந்தால்’, ‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘மூன்று தலைமுறைப் பாரம்பரியம்’ போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். முதலாவது நடந்ததையே சந்தேகிக்கிறது, இரண்டாவதில் செய்த ஆளைக் காணோம், மூன்றாவது மன்னிப்புக்குள் விளம்பரம். ‘குழந்தைக்கு ஏற்கெனவே அலர்ஜி இருந்தது’ என்பது எல்லாவற்றையும்விட மோசம். அலர்ஜி உள்ள குழந்தையின் தாய்தான் லேபிளை நம்பி வாங்குகிறார்.

பொதுப் பதிவு நன்றாக அமைந்தாலும், உள்ளே வேறு மாதிரி பேசினால் எல்லாம் கெடும். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு பயணியை இழுத்து வெளியேற்றினார்கள். மறுநாள் தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ் வெளியிட்ட அறிக்கை, பயணிகளை வேறு விமானத்துக்கு மாற்ற வேண்டியிருந்ததற்காக மட்டும் வருந்தியது. ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமோ பயணியைக் குறைகூறி ஊழியர் பக்கம் நின்றது. அதுவும் வெளியே வந்துவிட்டது. 11ஆம் தேதிதான் முழுப் பொறுப்பை ஏற்றார். அதற்குள் மக்கள் மூன்று குரல்களைக் கேட்டுவிட்டார்கள்; கடைசிக் குரலை நிர்ப்பந்தத்தால் வந்ததாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் அளவில் இது விநியோகஸ்தர் வாட்ஸ்அப் குழுவில் நடக்கும். ‘சும்மா கிளப்பிவிட்டிருக்காங்க, ரெண்டு நாள்ல அடங்கிடும், சரக்கை ஓரமா வைங்க’ என்று விற்பனையாளர் ஒருவர் அனுப்பினால், அதன் ஸ்கிரீன்ஷாட் உங்கள் பதிவுக்குக் கீழேயே வந்து நிற்கும். ஆகவே அதே பதிவை, சொல் மாறாமல், கடைக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் முதலில் அனுப்புங்கள். தொலைபேசி எடுப்பவரிடம் ‘ஆமாம்மா, நாங்கதான் மாத்தினோம், லேபிள்ல சொல்லல. உங்க பாக்கெட்டோட பேட்ச் நம்பர் சொல்றீங்களா?’ என்று பேசச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவிக்கும் முன் கணக்குப் போடுங்கள். 1,200இல் 310 கிடங்கில் இருந்து, பாக்கெட் விலை 280 ரூபாய் என்றால், 890 பாக்கெட்டுக்கு 2,49,200 ரூபாய். அத்தனையும் வராது, ஆனால் வந்தால் கொடுக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். கடைக்காரருக்கு நீங்கள் எப்போது ஈடு செய்வீர்கள் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் ‘கம்பெனிக்குப் போன் பண்ணுங்க’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவார். மன்னிப்பு அந்தக் கல்லாவிலேயே பொய்யாகிவிடும்.

பின்னூட்டங்களை அழிக்காதீர்கள், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்வியைப் பாருங்கள். ‘ஏன் மறைத்தீர்கள்?’ என்பதே தொடர்ந்தால், பதிவில் ஏதோ ஒரு வரி குறைகிறது. அதைச் சேர்த்து, சேர்த்த நேரத்தையும் குறிப்பிடுங்கள். ‘என் பாக்கெட் எந்த பேட்ச்?’ என்று கேட்கத் தொடங்கினால், நீங்கள் சொன்னதை நம்பித் தகவல் கேட்கிறார்கள் என்று பொருள். 7ஆம் நாள் வந்தது குறைவாக இருந்தாலும் அந்த எண்ணிக்கையை அப்படியே போடுங்கள். மீதி பாக்கெட்டுகளைத் தேட என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

‘மறைக்க ஒன்றுமில்லை’ என்ற வாசகத்தை விளம்பரத்திலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள். பொருள் மாறினால் புது லேபிள் வராமல் அரவை தொடங்காது என்பதை எழுதி, அரவைக்கூடப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வாமைக் குறிப்போடு புதிய லேபிள் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்து, 30ஆம் நாள் கணக்கையும் வெளியிட்ட பிறகு அந்த வாசகத்தைத் திரும்பப் போடலாமா என்று யோசியுங்கள்.